"படத்துல இருக்கு பாருங்க"ன்னு சொன்னா போதுமா?



மழைக்காலம் வந்துட்டா நம்ம பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதிகமா ஓடுறது எச்சரிக்கை போஸ்டர்தான். பழனி மலை அடிவாரத்தில் இருக்கிற அய்யம்பாளையத்தையே எடுத்துக்குங்க. மேலே தாண்டிக்குடி, பன்றிமலைப் பக்கம் மழை வலுத்தால், கீழே மருதாநதி அணைக்கு நீர்வரத்து கூடும். அணை நிரம்பி உபரி நீர் திறக்கிற நிலை வந்தால், ஆற்றங்கரையில் இருக்கிறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லியாகணும்.

அப்படி ஒரு நாள்னு வச்சுக்குவோம். நம்ம தோழர் ஒருத்தர் பத்தே நிமிஷத்தில் போஸ்டர் தயார் பண்ணிடுறார். மேலே தலைவர் படம், நடுவில் பெரிய எழுத்தில் செய்தி: "இன்று மாலை 4 மணிக்கு மருதாநதி அணையில் இருந்து உபரி நீர் திறப்பு. கரையோர மக்கள் மேடான இடத்துக்குச் செல்லவும். ஆற்றில் இறங்க வேண்டாம்." கீழே உதவி எண். பதிவில் அவர் எழுதியது ஒரே வரி: "மிக அவசரம்! அனைவரும் பகிரவும்!"

இப்போ கரையோரத்தில் பார்வையற்ற தோழர் ஒருத்தர் இருக்கார். அவர் போனில் திரைவாசிப்பான் ஓடுது. ஆண்ட்ராய்டு போனில் அதுக்குப் பேர் டாக்பேக், கம்ப்யூட்டரில் பலர் பயன்படுத்துவது என்விடிஏ. திரையில் எழுத்தாக இருப்பதை எல்லாம் அது குரலில் வாசிக்கும். நம்ம பதிவை அவர் விரலால் தொட்டதும் காதில் விழுவது இதுதான்: கட்சிப் பக்கத்தின் பேர், எத்தனை நிமிஷம் முன்னாடி போட்டது, "மிக அவசரம், அனைவரும் பகிரவும்", அப்புறம் "படம்". அவ்வளவுதான். மணி என்ன, எந்த அணை, எங்கே போகணும், எந்த எண்ணுக்குக் கூப்பிடணும், எதுவும் இல்லை. அவசரம்னு மட்டும் தெரியும். என்ன அவசரம்னு தெரியாது.

காரணம் எளிது. போஸ்டரில் நாம எழுதின எழுத்து, போனைப் பொறுத்தவரை எழுத்தே இல்லை. அது வெறும் வண்ணப் புள்ளிகள். படத்தோடு யாராவது விளக்கம் தட்டச்சு செய்து வச்சிருந்தால் திரைவாசிப்பான் அதை வாசிக்கும். இல்லைன்னா "படம்"னு மட்டும் சொல்லும். சில இணையதளங்களில் இன்னும் மோசம்: விளக்கம் இல்லாத படத்தில் இணைப்பு இருந்தால், கோப்பின் பேரையே ஒவ்வொரு எழுத்தா, எண்ணா வாசிக்கும். IMG-20241018-WA0031.jpg மாதிரி ஒண்ணைக் காதால் கேட்டுப் பாருங்க, எரிச்சல் புரியும்.

"முகநூலே தானா விளக்கம் போடுதே"ன்னு சிலர் கேட்பீங்க. போடுது, 2016-ல் இருந்து. ஆனா என்ன போடுதுன்னு நாம பார்த்திருக்கோம். 2019 ஜூலை 3-ஆம் தேதி முகநூலும் இன்ஸ்டாகிராமும் கோளாறாகி உலகம் பூரா படங்கள் வராமல் நின்னது ஞாபகம் இருக்கா? படம் இருக்க வேண்டிய கட்டத்தில் Image may contain: என்று தொடங்கி, ஆட்கள், சிரிப்பு, வானம்னு சில சொற்கள் மட்டும் வந்தது. நமக்கு அது ஒரு நாள் வேடிக்கை. பார்வையற்றவங்களுக்கு அதுதான் அன்றாடம். வெள்ள எச்சரிக்கைக்கு "ஒரு நபர், எழுத்து"ன்னு விளக்கம் வந்தால் யாருக்கு என்ன பயன்?

அதனால தட்டச்சு செய்யணும். அதில் நாம வழக்கமாத் தவறுகிற இடம் மூணு.

முதல் இடம், எதை எழுதுறது. போஸ்டரில் செய்தி இருந்தால் அந்தச் செய்தியே விளக்கம். "மருதாநதி அணை எச்சரிக்கை போஸ்டர்"னு எழுதினால் அது தலைப்பு, விளக்கம் இல்லை. நேரம், இடம், செய்ய வேண்டியது, உதவி எண் நாலும் வரணும். பார்டர் கலர், பூ அலங்காரம் எல்லாம் வேண்டாம். கூட்டத்துப் போட்டோன்னா யார், எங்கே, என்ன செய்யறாங்கன்னு ரெண்டு வரி போதும்.

இரண்டாவது, எங்கே எழுதுறது. முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் படத்துக்குன்னு தனியா மாற்று விளக்கம் எழுத இடம் இருக்கு. எக்ஸில் படத்தின் மேலேயே ALT என்று தெரியும். அதில் எழுதுங்க. ஆனா அது அந்தப் பதிவோட நின்னுடும். யாராவது படத்தை மட்டும் இறக்கி வேறொரு குழுவில் போட்டால் விளக்கம் கூடப் போகாது. அதனால முக்கியச் செய்தியைப் பதிவின் உள்ளேயும் எழுதணும். வாட்ஸ்அப்பில் படத்துக்குக் கீழே எழுதுகிற வரிதான் நமக்கு இருக்கிற வழி. இதில் எல்லாருக்கும் ஒரு லாபம் உண்டு. தாண்டிக்குடி மலைச் சாலையில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கிறப்போ படம் இறங்காமல் மங்கலா நிற்கும், கீழே எழுதின வரி மட்டும் வந்து சேர்ந்துடும். கண் நல்லாத் தெரிகிற ஓட்டுநருக்கும் அந்த நேரத்தில் எழுத்துதான் கை கொடுக்கும்.

மூன்றாவது, எந்த எழுத்துருவில். இது தமிழுக்கே உள்ள சிக்கல். அச்சகத்தில், டிசைன் பண்ற இடத்தில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுது. அதில் "தமிழ்"னு அடித்தால் கணினிக்குள்ளே பதிவாவது jkpo; என்ற ஆங்கில எழுத்துகள். போஸ்டரில் தமிழாத் தெரியும். அந்த வரியை அப்படியே காப்பி பண்ணிப் பதிவில் ஒட்டினால் குப்பையா வரும், திரைவாசிப்பானும் ஜே, கே, பி, ஓன்னுதான் வாசிக்கும். போனில் இருக்கிற தமிழ் விசைப்பலகை யூனிகோடுதான். அதில் திரும்ப அடிச்சிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

சரியா இருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. படத்தைக் கையால் மறைச்சுக்குங்க. மீதி எழுத்தை மட்டும் ஒருத்தருக்குப் போனில் வாசிச்சுக் காட்டுங்க. கேட்டவர் "எத்தனை மணிக்கு?"ன்னு திருப்பிக் கேட்டால் பதிவு முடியலைன்னு அர்த்தம்.

இது யாரோ மேல இரக்கப்பட்டுச் செய்கிற வேலை இல்லை தோழர்களே. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் வரிசை எண் பிரெய்லியில் இருக்கு, பார்வையற்றவர் தானே ஓட்டுப் போடணும்னு. கட்சிகள் தங்கள் இணையதளத்தையும் சமூக ஊடகப் பதிவுகளையும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி அமைக்க முயற்சி எடுக்கணும்னு தேர்தல் ஆணையம் 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையா விட்டுவிட முடியாது, கட்டாயம் ஆக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் ஒன்றிய அரசுக்குச் சொன்னது. பட்டனை அமுக்குகிற இடத்தில் பிரெய்லி வச்ச நாட்டில், எதுக்காக அமுக்கணும்னு கேட்கிற பதிவை நாம படத்துக்குள்ளே பூட்டி வைக்கலாமா?

ஒன்றிய, பேரூர் அளவில் பக்கம் நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி, நேரம், இடம், எண் இருக்கிற எந்த போஸ்டரையும் எழுத்து இல்லாமல் ஏற்ற வேண்டாம். குழுவில் வெறும் படமா வந்தால் "இதை டைப் பண்ணிப் போடுங்க தோழர்"னு கேளுங்க. கேட்க ஆள் இருந்தால்தான் பழக்கம் வரும். மழை, முகாம், ஆர்ப்பாட்டம், உதவித்தொகை எதுவானாலும் சரி, மேலே சொன்ன அந்தத் தோழருக்கு மற்றவங்களுக்குத் தெரிகிற அதே நேரத்தில் தெரியணும்.

இந்தப் பதிவோடு உள்ள படத்தின் விளக்கம்: வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து. "படத்தில் உள்ளதை எழுத்திலும் போடுவோம்" என்ற ஒரே வரி.