பேர் வைக்கிறார்களா, பாட்டு வைக்கிறார்களா?

பெயர் சூட்டு விழா வீடியோக்களில் நடக்கும் கூத்தைப் பாருங்கள். முதல் காட்சியிலேயே பெயர் பூப்போட்ட எழுத்தில் பறந்து வந்துவிடும். அப்புறம் தொட்டில். அதற்கும் அப்புறம்தான் புண்ணியாகவாசனம்! காதில் மூன்று முறை பெயர் சொல்லும் இடத்தில் ஸ்லோமோஷன். பேச்சு இழுபடுமே என்று ஒலியை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டு.

எடிட்டர் அண்ணே, நடந்த வரிசையிலேயே அடுக்குங்கள். தட்டில் பரப்பிய பச்சரிசியில் அப்பா பெயர் எழுதுகிறாரா, கடைசி எழுத்து முடியும்வரை வெட்டாதீர்கள். காதில் சொல்வதை அசல் வேகத்தில், பாட்டில்லாமல் விடுங்கள். சன்னமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒலியைக் கூட்டுங்கள். டைட்டிலில் பெயர் மூன்றாவது தடவைக்குப் பிறகு வரட்டும். தொட்டிலில் போட்டபிறகு பெயர் சொல்லும் வீடுகளும் உண்டு. சந்தேகமா, அந்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு போன் போடுங்கள்.