வெள்ளோட்டம் என்று வரும் கேமரா

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கூலி உயர்வுப் பேச்சு எப்படி நடக்கும் என்பது ஊரறிந்தது. தறி முதலாளிகள் ஒரு பக்கம், சங்கத்தார் எதிரே, நடுவில் தாசில்தாரோ தொழிலாளர் துறை அதிகாரியோ. மீட்டருக்கு எத்தனை பைசா என்பதில் இழுபறி ஓடும். ஷெட்டுக்குள் என்ன இயந்திரம் வரப்போகிறது என்பதைப் பேசுகிற பழக்கம் மட்டும் அந்த மேசைக்கு இன்னும் சரியாக வரவில்லை.

சேலம் பக்கத்தில் 240 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆலை கற்பனைதான், நடப்பது கற்பனை அல்ல. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை மேல் துணி ஓடுகிறது. 12 பெண்கள் நின்றுகொண்டே இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, ஓட்டை என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒருநாள் மேசைக்கு மேலே கேமரா வருகிறது. "சும்மா வெள்ளோட்டம்" என்கிறார் சூப்பர்வைசர். கேமரா தவறவிட்டதை இவர்கள் குறிக்க வேண்டும். தவறாகக் காட்டியதை நீக்க வேண்டும். சில மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கு அந்தக் கறையும் ஓட்டையும் பழகிவிடுகின்றன. பாடம் நடத்தியவர்கள் இந்தப் பெண்கள். நடத்துகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. ஆலையை நவீனப்படுத்துவதால் ஆட்குறைப்பு வரக்கூடும் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அதுவே 40ஆம் பிரிவு. சிக்கல் "ஆட்குறைப்பு வரக்கூடும்" என்ற சொற்களில் இருக்கிறது. இப்போதைக்கு யாரையும் அனுப்பவில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் அறிவிப்புக்கே இடமில்லாமல் போகும்.

இங்கேதான் லோக்மத் நாளிதழ் வழக்கைச் சங்கங்கள் கையில் வைத்திருக்க வேண்டும். நாக்பூரில் கையால் எழுத்துக் கோத்த இடத்தில் ஒளி அச்சுக்கோப்பு வந்தது, கோப்பவர்களுக்கு வேலை போனது. 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அறிவிப்பு புதிய முறை நுழைவதற்கு முன்பே வர வேண்டும். நுழைத்துவிட்டு, ஆட்களை அனுப்புவதற்கு முன் எப்போதாவது கொடுத்தால் செல்லாது. நம் ஆலைக்கு இதைப் பொருத்தினால், அறிவிப்புக்குரிய நாள் கேமராவைத் திருகி மாட்டிய நாளுக்கு முந்தியது. வெள்ளோட்டமும் நுழைவுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டால், வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டாம்.

வங்கிகளில் வரிசை சரியாக இருந்தது. 1983 செப்டம்பர் 8 அன்று ஊழியர் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் கையெழுத்திட்ட பிறகே பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் கிளைகளுக்குப் பரவலாக வந்தன. அவற்றை இயக்க இருக்கிற ஊழியர்களையே எடுத்து, தனிப்படியும் கொடுத்தார்கள். 1987, 1993 ஒப்பந்தங்களில்தான் கணினிமயம் அடுத்தடுத்த கட்டத்துக்குப் போனது. சங்கங்கள் முன்னேற்றத்தைத் தடுத்தன என்று இன்றைக்கும் சிலர் குறைப்படுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் நடுவயதில் தெருவுக்கு வரவில்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பயிற்சியிலும் சட்டம் வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறது. புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு நிறுவனம் 15 நாள் கூலியைச் செலுத்தும். 45 நாளுக்குள் அவர் கணக்கில் ஏறும். நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு அது 9,000 ரூபாய். பத்து வருடம் உழைத்திருந்தால் இழப்பீடு, வருடத்துக்கு 15 நாள் வீதம், 90,000. வேலை போன பிறகு வரும் 9,000 பயிற்சி ஆகாது, வழிச்செலவுதான். ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது வேறு: கேமராவைச் சரிபார்க்கும் வேலை, அதன் பராமரிப்பு, சாயத் தரப் பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த 12 பேரையே, வேலை நேரத்தில், முழுக் கூலியோடு தயார்ப்படுத்துவது.

ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேருள்ள ஆலைக்கே பொருந்தியது. இப்போது 300 பேர் வேண்டும். ஆகவே நம் 240 பேர் ஆலைக்கு அந்தக் காவல் இல்லை, ஒப்பந்தம்தான் காவல். அதற்குப் பேசுகிற தகுதி வேண்டும்: பல சங்கம் உள்ள இடத்தில் 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவுள்ள சங்கமே தனித்துப் பேசலாம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்கு ஓர் இடம் என்ற கணக்கில் பேச்சுக் குழு அமையும். நாலு கொடி பறக்கும் ஆலையில் இந்தக் கணக்கே முதல் வேலை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஓர் ஓட்டை மிஞ்சும். குறித்த காலத்துக்கு எடுத்த தொழிலாளியின் காலம் முடிந்து அனுப்பினால், சட்டப்படி அது ஆட்குறைப்பே ஆகாது. நிர்வாகம் 12 பேரில் ஒருவரையும் நீக்க வேண்டியதில்லை. மார்ச்சில் ஐந்து பேருக்கும் செப்டம்பரில் நான்கு பேருக்கும் புதுப்பிக்காமல் விட்டால் போதும். கேமரா வந்தபின் எத்தனை புதுப்பிப்புகள் நிறுத்தப்பட்டன என்ற பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சங்கத்துக்குத் தர வேண்டும், அந்த மேசையில் புதுப்பிப்பு மறுப்பும் ஆட்குறைப்பாகவே எண்ணப்படும் என்ற வரியை, நான் பேச்சுக்குப் போனால், கூலிக்கும் முன்னால் வைப்பேன்.