தூது முடியும் இடம்

நைட்ரிக் ஆக்சைடைத் 'தூது மூலக்கூறு' என்று கற்பிக்கிறோம். மொழியியல் பயின்ற எனக்கு அவ்வுருவகத்தில் ஒரு குறை தென்படுகிறது. தூது சேர்வதைச் சொல்லும் நாம், அது முடிவதைச் சொல்வதில்லை.

இரத்தக்குழாயின் உட்படலச் செல்களில் ஆர்ஜினினிலிருந்து உருவாகும் இவ்வாயு, மின்னேற்றமற்ற சிறு மூலக்கூறு. ஆதலால் சவ்வுகளைத் தடையின்றிக் கடந்து, அருகிலுள்ள மென்தசைச் செல்லினுள் புகுகிறது. அங்கே குவானிலேட் சைக்லேஸ் நொதியின் ஹீம் இரும்புடன் இணைகிறது. நொதி தூண்டப்பட்டு, ஜிடிபியைச் சுழல் ஜிஎம்பியாக மாற்றுகிறது. அதன் விளைவாகச் செல்லினுள் கால்சியம் குறைய, தசை தளர்ந்து குழாய் விரிகிறது.

பெரும்பாலான வகுப்புகள் இங்கே நின்றுவிடுகின்றன. ஆனால் வாயு சில நொடிகளில் மறைந்த பின்னும் சுழல் ஜிஎம்பி எஞ்சியிருக்கும். அதைச் சிதைத்துத் தளர்ச்சியை முடித்துவைப்பது பாஸ்போடைஎஸ்டரேஸ்-5 என்னும் நொதி.

மார்வலிக்கு நைட்ரோகிளிசரின் எடுக்கும் ஒருவர் சில்டெனாஃபிலும் உட்கொண்டால் நேர்வது என்ன? முன்னது நைட்ரிக் ஆக்சைடைத் தந்து சுழல் ஜிஎம்பியைப் பெருக்குகிறது. பின்னது அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. ஆக்கம் மிக, அழிவு நிற்க, குழாய்கள் அளவின்றி விரிந்து இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரியக்கூடும். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாகாது என்னும் விதியின் காரணம் இதுவே.

விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் அதை மறக்கலாம். சிதைவையும் சேர்த்துப் பயின்றவர் அதைத் தாமே வருவித்துக்கொள்வார். நம் பாடப்படங்களில் சுழல் ஜிஎம்பிக்குப் பின் இன்னும் ஓர் அம்புக்குறி வேண்டும்.