ஜிம்மிக்கு முந்தி இரத்தம் ஏத்தினதா?

எங்கட கன்ரீன் வாசலில் படுத்திருக்கும் ஜிம்மி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எழும்பி நிற்கவே ஏலாமல் போனது. முரசைத் தூக்கிப் பார்த்தால் கடதாசி மாதிரி வெள்ளை, சிறுநீர் தேத்தண்ணி நிறம். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். உண்ணிக் காய்ச்சல், இரத்தம் ஏத்த வேணும் என்றார். உடனே நாங்கள் செய்தது, இந்தத் தலைமுறை வழமையாகச் செய்வதுதான்: 'நாய்க்கு அவசரமாக இரத்தம் தேவை' என்று ஸ்டேட்டஸ் போட்டோம்.

அதன் கீழே வந்த முதல் கேள்வி, "என்ன குறூப்?" என்பது. வைத்தியர் கேட்டதோ வேறு கேள்வி: "இதுக்கு முந்தி எப்பவாவது இரத்தம் ஏத்தினதா?" எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

நாய்களுக்கும் குருதி வகைகள் உண்டு. அதில் வைத்தியர்கள் முக்கியமாகப் பார்ப்பது டி.இ.ஏ. 1 என்ற ஒன்றை. அது செங்கலத்தின் மேல் இருந்தால் பொசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். எங்களுக்கும் நாய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஏ வகை மனிதரின் உடலில் பி வகையை எதிர்க்கும் பிறபொருளெதிரி சின்ன வயதிலிருந்தே இருக்கும். அதனால் முதல் தடவையே பிழையான இரத்தம் ஏறினால் ஆபத்து. நாய்க்கு டி.இ.ஏ. 1ஐ எதிர்க்கும் அப்படியான பிறபொருளெதிரி பிறவியில் இல்லை. ஆகவே நெகட்டிவ் நாய்க்குப் பொசிட்டிவ் இரத்தம் முதல் தடவை ஏறினால் பெரும்பாலும் உடனே ஒன்றும் நடக்காது. "குறூப் பாக்காமலே ஏத்தினம், நல்லாத்தானே இருக்கு" என்று ஆட்கள் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் உடல் அதை மறப்பதில்லை. சில நாட்களுக்குள் எதிரிகளை உண்டாக்கத் தொடங்கும். ஏற்றிய கலங்கள் நேரத்தோடு அழிந்துபோகும். அடுத்த முறை அதே வகை இரத்தம் ஏறினால் நிமிடக்கணக்கிலேயே செங்கலங்கள் உடையலாம்: காய்ச்சல், வாந்தி, சிவந்த சிறுநீர், அதிர்ச்சி, சில நேரம் மரணம். முதல் தடவை மன்னிக்கும், இரண்டாம் தடவை மன்னிக்காது.

பழைய சீனியர் அக்கா ஒருவருக்குப் போன் எடுத்தோம். "ஓம், போன வருசம் ஓட்டோ அடிச்சு ஏத்தினது. துண்டு எங்கையோ வச்சனான்" என்றார். அந்தத் துண்டு கிடைக்கவேயில்லை. அக்காவுக்கு நினைவிருந்த இன்னொன்று: அடிபட்டவுடன் எடுத்த சோதனையில் இரத்தம் ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்ததாம், சில மணித்தியாலத்தில்தான் விழுந்ததாம். வைத்தியர் காரணம் சொன்னார். காயத்தில் செங்கலமும் திரவமும் சேர்ந்தே வெளியேறுவதால் விகிதம் உடனே மாறாது. ஆகவே அடிபட்ட நாயில் இலக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. நாடித்துடிப்பு, முரசின் நிறம், வயிற்றுக்குள் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேணும். உண்ணிக் காய்ச்சலில் இது மறுவளம். பபீசியா என்ற ஒட்டுண்ணி செங்கலத்துக்குள் புகுந்து நாள்கணக்கில் அழிக்கும். உடல் ஓரளவு பழகிக்கொள்ளும். எனவே அடிபட்ட நாயைவிடக் குறைந்த அளவையும் சில நாய்கள் தாங்கும். மூச்சு வாங்கி, எழும்ப முடியாமல் போகும்போதுதான் ஏத்துவார்கள்.

ஜிம்மியின் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்கலங்கள் பிடிக்கும் பங்கு, 11 வீதம். நல்ல நாய்க்கு 37க்கு மேல் இருக்கும். 20க்குக் கொண்டுவந்தால் மருந்து வேலை செய்யும்வரை தாங்கும் என்றார். கணக்கு லேசானது. ஒரு கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் முழு இரத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 1 வீதம் கூடும். ஜிம்மி 12 கிலோ. 9 வீதம் கூட்ட 216 மில்லிலீற்றர் வேணும்.

யார் கொடுப்பது? நாங்கள் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம்: ராஜா. பரமேஸ்வராச் சந்திப் பக்கம் எல்லா நாயையும் விரட்டும் கடுவன். நோய் எண்டு படுத்ததே இல்லை. வைத்தியர் அதன் படத்தைப் பார்த்தார். கிழிந்த காதையும் கழுத்துத் தழும்பையும் காட்டி, "இதைத்தான் எடுக்கக் கூடாது" என்றார். எங்கட நாட்டு நாய்களில் காணப்படும் பபீசியா கிப்சோனி உண்ணியால் மட்டுமில்லை, நாய்ச் சண்டையின் கடியாலும் பரவும். ஒரு முறை வந்தால் மருந்துக்குப் பிறகும் குறைந்த அளவில் உடலில் தங்கிவிடும். நாய் கொழுகொழு என்று இருக்கும், கண்ணாடித் தட்டில் பூசிப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். பி.சி.ஆர். பரிசோதனையில்தான் பிடிபடும். அந்த இரத்தத்தை ஏற்றினால், நோயையும் சேர்த்து ஏற்றுகிறோம்.

நல்ல கொடையாளி நாய் என்றால் ஒன்று முதல் எட்டு வயதுக்குள், 25 கிலோவுக்குக் குறையாமல், தடுப்பூசி போட்டு, மாதாமாதம் உண்ணி மருந்து எடுத்து, தான் ஒருபோதும் இரத்தம் ஏற்றாததாக இருக்க வேணும். சினையாகவோ பால் கொடுப்பதாகவோ இருக்கக் கூடாது. கழுத்து நாளத்திலிருந்து எடுக்கும்போது பத்து நிமிசமாவது அசையாமல் கிடக்கும் சுபாவமும் வேணும். 25 கிலோ என்பதற்கும் காரணம் உண்டு. வழமையான பை 450 மில்லிலீற்றருக்கானது, உள்ளே இருக்கும் உறையாமல் தடுக்கும் மருந்தும் அதற்கே அளந்தது.

இரண்டு வீட்டு நாய்கள் வந்தன. ஜிம்மி நெகட்டிவ். முதலில் வந்த ஷெப்பேட் பொசிட்டிவ். ஜிம்மியின் சீரத்தோடு அதன் செங்கலங்களைக் கலந்ததும் துணிக்கை துணிக்கையாகத் திரண்டதை வைத்தியர் எங்களுக்குக் காட்டினார். போன வருச இரத்தத்தை ஜிம்மியின் உடல் ஞாபகம் வைத்திருந்தது. அக்காவுக்குப் போன் எடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டாவதாக வந்த 30 கிலோ லப்ரடோர் நெகட்டிவ். இரண்டு மாதத்துக்கு முதல் செய்த பி.சி.ஆரிலும் ஒன்றும் இல்லை. கலந்து பார்த்தபோது திரளவுமில்லை.

முதல் அரை மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முகம் வீங்குதா, வாந்தி வருதா, காய்ச்சல் ஏறுதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு வேகத்தைக் கூட்டி, நாலு மணித்தியாலத்துக்குள் முடித்தார்கள். அடுத்த நாள் பி.சி.வி. 19. பின்னேரம் ஜிம்மி சோறு தின்றது. ஆனால் ஏற்றிய இரத்தம் நோயை மாற்றாது, மருந்துக்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஜிம்மி இனி ஒருபோதும் கொடையாளியாகவும் முடியாது.

எங்கட கருத்து இதுதான். தெருநாய்களைப் பார்க்கும் ஒவ்வொரு குழுவும் நோய் வந்த பிறகு ஸ்டேட்டஸ் போடுவதை விட்டுவிட்டு, இப்பவே ஒரு கொப்பி தொடங்க வேணும். ஒரு பக்கத்தில் தெரிந்த வீடுகளில் உள்ள பெரிய நாய்கள்: எடை, வயது, உண்ணி மருந்து, கடைசிச் சோதனைத் திகதி, டி.இ.ஏ. 1. மறுபக்கத்தில் நாங்கள் சோறு போடும் நாய்கள்: எப்ப, எந்த நாயின் இரத்தம் ஏற்றினது. கம்பஸ் நாயைவிட நாங்கள் சீக்கிரம் வெளிக்கிட்டுப் போய்விடுவோம். நாலு வருசத்துக்கொருக்கா அதைப் பார்க்கும் ஆட்கள் மாறுவார்கள். அடுத்த பேட்ச் பிள்ளைகளிடம் வைத்தியர் அதே கேள்வியைக் கேட்கும்போது, அவையள் போன் எடுக்கிற சீனியர் அக்கா பதில் சொல்லாமலும் போகலாம்.

கொப்பி இப்போது கன்ரீன் லாச்சியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஜிம்மியின் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறோம்: டி.இ.ஏ. 1 நெகட்டிவ், இரண்டு தரம் ஏற்றியது, கலந்து பார்க்காமல் இனி ஒரு சொட்டும் ஏற்றக் கூடாது.