90 நாள் நோட்டீஸை முதல் போன்லயே சொல்லிடுங்க

ரெக்ரூட்டர் கேட்டதும் "30 நாள்ல வந்துடுவேன்"னு சொல்லாதீங்க. "90 நாள் நோட்டீஸ். சீக்கிரம் ரிலீவ் பண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன், உறுதி தர முடியாது"ன்னு சொல்றதுதான் சரி. பணம் கட்டினா விட்டுடுவாங்கன்னு நினைக்கிறோம். பல அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல அது நிர்வாகத்தோட விருப்பம்னுதான் எழுதியிருக்கும்.

கணக்கையும் பாருங்க. மாதச் சம்பளம் 60,000 ரூபாய், அதில் பேசிக் 30,000. 45 நாள் முன்னாடி கிளம்பினா, பேசிக்கை வச்சுப் பிடித்தால் 45,000. மொத்தச் சம்பளத்தை வச்சுன்னா 90,000. எதுன்னு லெட்டர்ல தேடுங்க.

புது கம்பெனி "அதை நாங்க தர்றோம்"னு சொன்னா, ஆஃபர் லெட்டர்லயே தொகையோட எழுதி வாங்குங்க. அதுவும் உங்க சம்பள வருமானத்தில் சேரும், டிடிஎஸ் போகத்தான் கைக்கு வரும். பழைய கம்பெனி கடைசி வேலை நாளை மெயில்ல உறுதி செஞ்ச பிறகு ஜாய்னிங் தேதி கொடுங்க.