முதலில் காணொளியா, காப்புரிமை விண்ணப்பமா? வரிசை மாறினால் என்ன ஆகும்?

உங்கள் அப்பா உட்லண்ட்ஸில் சின்ன உலோகப் பட்டறை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வீவக வீடுகளில் துணி காயப்போடும் கழி பலத்த காற்றில் கழன்று விழாமல் இருக்க, அவர் ஒரு பிடிப்பான் செய்திருக்கிறார். கழியைச் செருகினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகப் பூட்டிக்கொள்ளும். கழியைக் கொஞ்சம் திருப்பினால் பூட்டு விடுபடும்.

"சூப்பர்ப்பா! டிக்டாக்கில் போட்டுடலாமா?" என்று உடனே கேட்கத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு காணொளி, சில நாடுகளில் உங்கள் காப்புரிமை வாய்ப்பையே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

(தமிழில் 'காப்புரிமை' என்று பாடல், புத்தகம் போன்றவற்றுக்கான உரிமையையும் சொல்கிறோம். இங்கே நாம் பேசுவது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட் பற்றி.)

'புதியது' என்றால் யாருக்குப் புதியது?

சிங்கப்பூரில் காப்புரிமை கிடைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. கண்டுபிடிப்பு புதியதாக இருக்கணும். அந்தத் துறையில் அனுபவம் உள்ள ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடக்கூடியதாக இருக்கக்கூடாது. தொழிலில் பயன்படுத்தக் கூடியதாக இருக்கணும்.

பலர் சறுக்குவது முதல் நிபந்தனையில்தான். "கடையில் இப்படி ஒண்ணு பார்த்ததே இல்லை" என்பது போதாது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன், உலகின் எந்த மூலையிலும் அது பொதுமக்களுக்குத் தெரியவந்திருக்கக்கூடாது. ஜப்பானில் 30 ஆண்டுக்கு முன் வெளியான ஒரு காப்புரிமை ஆவணத்தில் அதே பிடிப்பான் வரையப்பட்டிருந்தால், அது விற்பனைக்கு வராமலே போயிருந்தாலும், உங்களுடையது புதியது அல்ல.

அதைவிட வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. நீங்களே முன்கூட்டி வெளியிட்டதும் அந்தக் கணக்கில் சேரும். காணொளி, கண்காட்சி, விளம்பரத்தாள், முதல் விற்பனை எல்லாமே 'வெளியீடு'தான். வாங்கியவர் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமே!

ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சு வார்ப்பவரிடமோ முதலீட்டாளரிடமோ காட்டுவது அப்படிச் சேராது.

ஏற்கெனவே போட்டுட்டேனே, இப்ப என்ன பண்றது?

ஜனவரியில் காணொளி போட்டுவிட்டு, ஜூன் மாதம் விழித்துக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் முடிந்துவிடவில்லை.

சிங்கப்பூரில் 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. 2017 அக்டோபர் இறுதியில் அது விரிவாக்கப்பட்டது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அதிலிருந்து 12 மாதத்துக்குள் இங்கே விண்ணப்பிக்கலாம். மலேசியாவிலும் அமெரிக்காவிலும் ஓராண்டுச் சலுகை உண்டு.

ஆனால் ஐரோப்பாவில் அப்படி இல்லை. சில அரிய விதிவிலக்குகளைத் தவிர, நீங்களே வெளியிட்டாலும் வாய்ப்பு போனது போனதுதான். சீனாவிலும் விதிவிலக்குகள் மிகக் குறுகலானவை. பிடிப்பானைப் போலியாகச் செய்யக்கூடிய தொழிற்சாலை எங்கே இருக்கும் என்று யோசித்தால், அது சின்ன இழப்பில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சலுகை உங்கள் வெளியீட்டை மட்டும்தான் மன்னிக்கும். வேறொருவர் தானாகவே யோசித்து அதே போன்ற ஒன்றை மார்ச் மாதம் வெளியிட்டால், ஜூனில் விண்ணப்பிக்கும் உங்களுக்கு அது தடையாகும். ஆகவே சலுகைக் காலத்தை அவசரக் கதவாகத்தான் பார்க்க வேண்டும்.

சரியான வரிசை எது?

உள்ளூர் உதாரணம் ஒன்று: சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப்டிரைவ் சாதனத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி. அதே மாதக் கடைசியில்தான் ஜெர்மனியின் செபிட் கண்காட்சியில் அதை உலகுக்குக் காட்டியது. பின்னர் இங்குள்ள வழக்கில், அந்தக் கண்டுபிடிப்பு புதியதே அல்ல என்று போட்டியாளர்கள் வாதிட்டனர். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்றது.

உங்கள் வரிசையும் அதுவே: முதலில் விண்ணப்பம், பிறகு காணொளி. சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால், அங்கேயும் உங்கள் முதல் தேதியே கணக்கில் வரும். சிங்கப்பூரில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க நினைத்தால், அதற்கு முன் இங்கே அனுமதி பெறணும். அதையும் மறக்காதீங்க.

ஆனால் தேதிக்காக அரைப்பக்கம் எழுதி அனுப்பினால் போதாது. ஸ்பிரிங் வைத்த வடிவத்தை மட்டும் எழுதிவிட்டு, பிறகு காந்தம் வைத்த வடிவத்தையும் அதே விண்ணப்பத்தில் நுழைக்க முடியாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தேதி. இடைப்பட்ட நாளில் காந்த வடிவத்தைக் காணொளியில் காட்டியிருந்தால், பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும்.

காப்புரிமை கிடைத்தாச்சு. யாரை, எதிலிருந்து தடுக்கலாம்?

உங்கள் அனுமதியின்றி அந்தப் பொருளை மற்றவர் செய்வது, விற்பது, விற்க முன்வருவது, தொழிலில் பயன்படுத்துவது, இறக்குமதி செய்வது ஆகியவற்றைத் தடுக்கலாம். உரிமை சிங்கப்பூருக்குள் மட்டும்தான். விண்ணப்பித்த நாளிலிருந்து அதிகபட்சம் 20 ஆண்டு. நான்காம் ஆண்டு முடிவிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வரணும். ஒருவர் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஒன்று செய்துகொண்டால் அதைத் தடுக்க முடியாது.

எல்லை எங்கே என்பதைத் தீர்மானிப்பவை, ஆவணத்தின் இறுதியில் வரும் 'உரிமைக்கோரல்கள்'. அப்பாவின் ஆவணம் "ஸ்பிரிங் பூட்டு, ரப்பர் வளையம், திருப்பினால் விடுபடும் அமைப்பு, மூன்றும் கொண்ட பிடிப்பான்" என்று சொல்கிறது என்று வைப்போம். போட்டியாளர் ரப்பர் வளையமே இல்லாமல் ஒன்று செய்தால், பெரும்பாலும் அவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ரப்பர் வளையம் உண்மையில் தேவையா என்ற கேள்வியை, எழுதும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். அதே நேரம் கோரல் ரொம்ப அகலமாக இருந்தால், பழைய ஆவணம் ஏதாவது அதற்குள் விழுந்து, கோரலே செல்லாமல் போகலாம்.

எது கிடைக்காது?

பலர் நினைப்பதற்கு மாறாக, காப்புரிமை என்பது 'நான் செய்யலாம்' என்ற அனுமதி அல்ல. 'நீ செய்யாதே' என்று சொல்லும் உரிமை மட்டுமே. கழியைப் பூட்டும் எல்லா ஸ்பிரிங் பிடிப்பான்களுக்கும் வேறொருவரிடம் இன்னும் செல்லுபடியாகும் காப்புரிமை இங்கே இருந்தால், அப்பாவின் மேம்பட்ட வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை இருந்தும், அவருடைய அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூட விற்க முடியாது. அவராலும் அப்பாவின் மேம்பாட்டைச் சேர்க்க முடியாது. அப்போது இருவரும் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

'விண்ணப்பம் நிலுவையில்' என்று பெட்டியில் அச்சிட்டால் மட்டும் யாரையும் நிறுத்த முடியாது. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான் வழக்குப் போடலாம். போலியைத் தேடி அரசாங்க அதிகாரி யாரும் கடை கடையாகப் போக மாட்டார். கண்டுபிடிப்பதும் வழக்குத் தொடுப்பதும் உங்கள் செலவு. டிரெக் நிறுவனமும் இங்கே வென்றது, ஆனால் பிரிட்டனில் அதன் காப்புரிமை ஒன்று ரத்தானது.

அதனால் இன்றிரவு டிக்டாக்கைத் திறக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் காப்புரிமைத் தேடல் தளங்களில் 'கழி', 'பூட்டு', 'ஸ்பிரிங்' என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டு, பழைய வரைபடங்களைப் பாருங்கள். பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை இதுவரைக்கும் யார் யார்கிட்ட காட்டியிருக்கீங்க, எந்தத் தேதியில்?"

அந்தப் பட்டியலைத்தான் காப்புரிமை முகவரும் முதலில் கேட்பார்.