கால் என்பது ‘வ’ அன்று

நம் தமிழ்ப்பள்ளிப் பயிற்றித் தாள்களில் பழந்தமிழ்ப் பின்னங்களை எழுத வேண்டி வரும்போது, கால் என்னும் குறிக்குப் பதிலாக ‘வ’ என்ற எழுத்தைத் தட்டிவிடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். கணினிக்கு அவை முற்றிலும் வேறானவை. ‘௬வ’ என்று எழுதினால் நாம் ‘ஆறே கால்’ என்று படிப்போம்; திரைபடிப்பானோ ‘வ’ என்னும் எழுத்தையே ஒலிக்கும்.

இப்பழக்கத்திற்குக் காரணமும் உண்டு. ஒருங்குறியில் நம் குறிகள் இரண்டு வீடுகளில் குடியிருக்கின்றன. ௧ முதல் ௯ வரையும் ௰, ௱, ௲ என்பனவும் தொடக்கத்திலேயே தமிழ்ப் பகுதியில் இடம்பெற்றன. நாள் (௳), மாதம் (௴), வருடம் (௵), மேற்படி (௸) முதலியவை 2003-இல் வந்தன. சுழியம் (௦) 2005-இல்தான் சேர்ந்தது. ஆகவே ‘திருவள்ளுவர் ஆண்டு ௨௦௫௬’ என்றோ, பழைய முறைப்படி ‘௨௲௫௰௬’ என்றோ இன்று எழுதலாம். விண்டோசின் நிர்மலாவில் தடையின்றித் தெரியும்.

பின்னங்களின் கதை வேறு. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), கால், அரை, முக்கால் யாவும் 2019-இல் வெளிவந்த ஒருங்குறி 12.0-இல், ‘தமிழ்த் துணைப்பகுதி’ என்னும் தனி வீட்டிற்கு வந்தன. 2019-க்கு முன் செய்யப்பட்ட லதா போன்ற எழுத்துருக்களில் அவற்றுக்கு உருவே இல்லை. கூகிள் கட்டணமின்றித் தரும் Noto Sans Tamil Supplement இவற்றைக் காட்டுகிறது. அதனை நிறுவிய பின், வேர்டு செயலியில் 11FD0 என்று தட்டி Alt+X அழுத்தினால் கால் தோன்றும். வலைப்பக்கத்தில் ஆறே காலை இவ்வாறு எழுதலாம்:

```
௬𑿐
```

திரையில் வெற்றுப் பெட்டி தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எழுத்து இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. கேள்விக்குறி தெரிந்தாலோ, அவ்விடத்தோடு எஞ்சிய வரி மறைந்தாலோ, எழுத்தே தொலைந்திருக்கக் கூடும். இக்குறிகள் ஒவ்வொன்றும் UTF-8-இல் நான்கு பைட்டு கொள்ளும். மைசீக்குவலின் பழைய utf8 அமைப்பு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது, utf8mb4 வேண்டும். பழைய வலைப்பதிவுகள் பலவற்றில் இக்கோளாறு உண்டு.

பள்ளிக்கு அனுப்பும் தாளைப் பிடிஎப் கோப்பாக, எழுத்துருவை உட்பொதித்து அனுப்பினால், ஷா ஆலத்தில் தயாரித்ததைக் கிள்ளானில் திறப்பவருக்கும் அப்படியே தெரியும். வேர்டு கோப்பாகவே அனுப்ப நேர்ந்தால், பெட்டியாய்த் தெரியும் சரியான குறியைவிட, ‘கால்’ என்று எழுத்தால் எழுதுவதே மேல். ‘வ’ மட்டும் வேண்டாம். அதே தவறு எண்களிலும் நடக்கிறது: ௧-க்குப் பதில் ‘க’, ௭-க்குப் பதில் ‘எ’. அத்தாளில் ௧-ஐத் தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது.